உடைந்த ஊசிகள் ஒட்டிய நோட்டு

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்களில் ஓவர்லாக் நாலைந்து இருக்கும், பேட்லாக் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ஓவர்லாக் ஒன்று நின்றால் டைலரைப் பக்கத்து மெஷினில் உட்கார வைக்கலாம். டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பு அடிக்கிற ஒரே பேட்லாக் படுத்துவிட்டால், மற்ற மெஷின்கள் எல்லாம் ஓடியும் பீஸ் வெளியே போகாது. எனவே இந்த வாரம் பேட்லாக் மட்டும்.

அது நிற்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் நோட்டு ஒன்று ஏற்றுமதி வேலை செய்யும் யூனிட்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தேதி, மெஷின் நம்பரோடு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டு துணிக்குள் தங்கிப் போட்டுக்கொள்கிறவரைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகப் பையர்கள் வைத்த விதி. ஆடிட்டுக்குக் காட்டிய பிறகு அதை யாரும் புரட்டுவதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

அதே நோட்டில் இன்னும் மூன்று விவரம் சேர்த்தால் போதும்: பீஸில் எந்த இடத்தில் உடைந்தது, அப்புறம் தையல் எப்படி விழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது. உதாரணத்துக்கு ஒரு பேட்லாக்கின் பக்கம் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மதியம், பக்கத் தையல் மேல் ஏறும்போது ஊசி உடைந்தது, 5 நிமிடம். செவ்வாய் காலை, அதே இடம், மறுபடி ஊசி. மாலையில் தையல் விடுகிறது, புது ஊசி போட்டும் விடுகிறது. புதன், லூப்பர் நூல் அறுகிறது, 20 நிமிடம்.

இது மூன்று கோளாறு அல்ல, ஒன்றுதான். கீழ் மடிப்பு, பக்கத் தையலைக் கடக்கும் இடத்தில் துணி திடீரென்று தடிக்கிறது. டைலர் அங்கே வேகம் குறைக்காமல் துணியைக் கையால் இழுத்தால் ஊசி வளைந்து லூப்பரில் அடிக்கும். ஊசி உடைவதோடு லூப்பர் முனையிலும் சிறு பிசிறு கிளம்பும். பிசிறு நூலை அறுக்கும். முனை மழுங்கினால் ஊசி விடும் நூல் வளையத்தைப் பிடிக்காது, தையல் விடும். மெஷினை ஆஃப் செய்து, மூடியைத் திறந்து, லூப்பர் முனையில் நகத்தை ஓட்டினால் சொரசொரப்பு தெரியும். செவ்வாய் மாலையே பார்த்திருந்தால் நைஸ் எமரி பேப்பரில் தேய்த்துச் சரிசெய்திருக்கலாம். முனையே தேய்ந்திருந்தால் லூப்பரை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே ஸ்பேர் பெட்டியில் முதலில் இருக்க வேண்டியது அந்த மாடலுக்கான ஒரு லூப்பர். அதோடு, ஓடுகிற துணிக்கேற்ற முனை உருண்ட ஊசிகள். பிளேட், பல், ஊசி கிளாம்ப் மூன்றையும் கேஜ் பார்த்து வாங்க வேண்டும், 5.6 மில்லிமீட்டர் மெஷினுக்கு 6.4 வாங்கினால் உட்காராது. பழைய பாகத்தின் நம்பரைப் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள். மோட்டார் போர்டு போன்ற விலை கூடிய பாகங்களை வாங்கிப் பூட்டி வைப்பது சின்ன யூனிட்டுக்குக் கட்டாது. அதற்குப் பதில், அதே வேலையை ஒரு நாள் அடித்துத் தரும் பக்கத்து யூனிட்டோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

லூப்பர் கையில் இருந்தாலும், அதை ஊசிக்கு நேராக செட்டிங் செய்ய மெக்கானிக் வேண்டும். ஞாயிறு ஷிப்டில் அவர் கிடைக்க மாட்டார். தையல் விடுகிறது என்று நோட்டில் வெள்ளிக்கிழமை எழுதியிருந்தால் சனிக்கிழமையே கூப்பிட்டுவிடுங்கள்.