பேன் சீப்பும் நாள்காட்டியும்

தைப்பிங்கில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு ஒரு வகை வாடிக்கையாளரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். கடையில் மற்றவர்கள் போகும்வரை அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு அருகில் வந்து மெதுவான குரலில் பேன் மருந்து கேட்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே அம்மா திரும்பவும் வருவார். "மருந்து போட்டாச்சு அக்கா, பத்து நாள்ல மறுபடியும் வந்திருச்சு."

இந்தப் பத்து நாள் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. பேன் முட்டையான ஈர், இட்ட நாளிலிருந்து 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 முதல் 12 நாள் ஆகும். கடைகளில் கிடைக்கும் பல மருந்துகள் உயிருள்ள பேனைக் கொல்லும், ஈர் முழுவதையும் அழிக்காது. இன்று மருந்து போட்ட தலையில் பேன் செத்தாலும் ஈர் மிஞ்சியிருந்தால் அடுத்த வாரம் குஞ்சுகள் நடமாடத் தொடங்கும். அம்மாவின் கண்ணுக்கு அவை தெரியும் அளவுக்கு வளரும்போது, பேன் "திரும்பி வந்துவிட்டது" என்று தோன்றும். உண்மையில் அது போகவே இல்லை.

ஆகவே பேன் ஒழிப்பில் நாள்காட்டிதான் முக்கியம். குஞ்சு பொரித்த பிறகும், அது முட்டையிடும் வயதை அடைவதற்கு முன்பும் அதைப் பிடித்துவிட வேண்டும். இதற்குக் கைகொடுப்பது ஈரத்தலைச் சீவல். பாட்டிமார் லயத்து வாசலில் பிள்ளைகளை மடியில் கிடத்தி ஈர்கொல்லியால் இழுத்ததும் சீவல்தான். ஆனால் காய்ந்த தலையில் பேன் வேகமாக ஓடி ஒளிந்துகொள்ளும். தலைமுடி நன்றாக நனைந்து கண்டிஷனர் பூசியிருந்தால் அது அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்போது சீப்பில் எளிதாக மாட்டும்.

இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும் இதே முறைதான் நல்லது. ஜெர்மனியில் 304 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. உயிருள்ள பேன் இருந்த பிள்ளைகளில் கண்ணால் மட்டும் பார்த்தபோது பத்தில் மூவர்கூடத் தென்படவில்லை. ஈரத்தலையில் சீவியபோது பத்தில் ஒன்பது பேர் பிடிபட்டார்கள். "பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று ஒரு வீட்டில் சொன்னால் எப்படிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன். கமுந்திங் பக்கம் இருக்கும் ஓர் அம்மா. மூத்த மகளுக்கு எட்டு வயது, இடுப்பு வரை தலைமுடி. இளையவளுக்கு ஐந்து வயது. இரண்டு பேரும் பாட்டியோடு ஒரே பாயில் படுப்பார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு முறை பெர்மெத்ரின் வகை மருந்து வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு முறையும் ஒரே புட்டியை இரண்டு தலைக்கும் பகிர்ந்திருந்தார். அந்தத் தலைமுடிக்கே ஒரு புட்டி போதாது. முடியைக் கண்டிஷனர் போட்டு அலசியபின் மருந்து பூசியிருந்தார். கண்டிஷனர் முடியைச் சுற்றி ஒரு படலம் விடுவதால் பெர்மெத்ரின் சரியாக ஒட்டாது. பத்தாம் நாள் போட வேண்டிய இரண்டாம் முறையையும் விட்டுவிட்டார். பாட்டி, "மொட்டை போட்டுடலாம்" என்றாராம். அது நிச்சயம் வேலை செய்யும், ஆனால் எட்டு வயதுப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமே.

இனிப் புட்டிக்குப் பணம் செலவழிக்க அவருக்கு மனமில்லை. சீவலை மட்டும் செய்து பார்ப்போம் என்று முடிவானது. பற்கள் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக இருக்கும் பேன் சீப்பு ஒன்று, சாதாரணக் கண்டிஷனர், வெள்ளை டிஷ்யூ, நல்ல வெளிச்சம், இவ்வளவுதான் தேவை. முதலில் வழக்கமான ஷாம்பு போட்டு அலச வேண்டும். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, கழுவாமல் அப்படியே விட்டு, அகலப் பல் சீப்பால் சிக்கு எடுக்க வேண்டும். தலைமுடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் நேரம் கொடுங்கள், பேனுக்குப் பிடித்த இடம் அங்கேதான். முடித்ததும் கண்டிஷனரைக் கழுவிவிட்டு இன்னொரு முறை சீவ வேண்டும். நீளத் தலைமுடிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தைப்பிங் மழைக்காலத்தில் இரவு இதைச் செய்தால் தலை காயாது, பாட்டிகளும் சளி பிடிக்கும் என்று விடமாட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் மாலை நான்கு மணிக்கே ஆரம்பிப்பது நல்லது.

சீவும் நாள்கள் 1, 5, 9, 13, 17. சனிக்கிழமை தொடங்கினால் புதன், ஞாயிறு, வியாழன், திங்கள் என்று வரும். நான்கு நாளுக்கு ஒரு முறை சீவினால் பொரித்த குஞ்சு எதுவும் முட்டையிடும் வயதுக்கு வராது.

அந்த அம்மா ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எண்ணிக்கையை எழுதிவந்தார். முதல் நாள் மூத்தவள் தலையில் 23, இளையவளிடம் 4, பாட்டியிடம் 2. பாட்டிக்கு அரிப்பே இல்லை. முதல்முறை பேன் பிடித்தவர்களுக்கு அரிப்பு வர 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம், சிலருக்கு வராமலே இருக்கலாம். அதனால் அரிக்கும் பிள்ளையை மட்டும் சீவினால் போதாது, வீட்டில் எல்லாரையும் சீவ வேண்டும். ஐந்தாம் நாள் மூத்தவளிடம் 6 பேன், எல்லாம் குண்டூசித் தலையளவு குஞ்சுகள். நான் எதிர்பார்த்தது அதுதான், முட்டை பொரிக்கிறது, குஞ்சு சீப்பில் மாட்டுகிறது.

ஒன்பதாம் நாள் அவர் கொஞ்சம் கலங்கிப்போய் வந்தார். குஞ்சு இரண்டுதான், ஆனால் கூடவே எள்ளளவு முழுப் பேன் ஒன்று. இந்த அளவைக் கவனிப்பது மிக முக்கியம். முதல் நாள் எல்லாப் பேனையும் எடுத்துவிட்ட தலையில், எட்டு நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு முழுப் பேனாக வளர்ந்துவிட முடியாது. ஆகவே அது வெளியிலிருந்து வந்தது, இல்லையென்றால் முன்பே விடுபட்டது. யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவு அத்தை வீட்டில், அத்தை மகளோடு ஒரே தலையணையில் தூக்கம். அந்தப் பிள்ளையின் தலையையும் ஈரத்தில் சீவச் சொன்னேன். அதிலும் பேன் இருந்தது.

முழுப் பேன் ஒன்று தென்பட்டால் நாள்கணக்கு நீளும். மூன்று சீவல்கள் தொடர்ந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை தொடர வேண்டும். 13ஆம் நாள் ஒன்றுமில்லை. ஆனால் 17இல் 5 குஞ்சுகள், 21இல் ஒன்று. வெள்ளிக்கிழமை வந்த அந்தப் பேன் ஞாயிறு சீவலுக்குள் இட்டுவிட்டுப் போன முட்டைகள் அவை. ஒரு பெண் பேன் நாளுக்கு எட்டு முட்டை வரை இடும் என்பதை நினைத்தால் ஐந்தாறு குஞ்சு அதிகமில்லை. 25, 29, 33ஆம் நாள்களில் சீப்பு சுத்தமாக வந்தது. அத்தை வீட்டிலும் அதே முறை, அதே நாள்கள்.

சீவல் மட்டுமே எப்போதும் வெல்லும் என்று சொல்ல மாட்டேன். 2000இல் 'லான்செட்' இதழில் வந்த வேல்ஸ் ஆய்வில் மாலதியான் மருந்து 78 விழுக்காட்டுப் பிள்ளைகளைக் குணப்படுத்தியது, சீவல் 38 விழுக்காட்டைத்தான். 2005இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வில் நிலைமை தலைகீழ், சீவல் 57, மருந்து 13. அந்தந்த ஊர்ப் பேன்கள் எந்த மருந்துக்குப் பழகிவிட்டன என்பதும், சீவியவர் கையின் பொறுமையும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். இது நமக்குப் புதிதல்ல. மலேசியப் பேன்கள் டிடிடிக்குப் பழகிவிட்டன என்று 1982லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மருந்து போட விரும்பினால் அது வேலை செய்ததா என்று அடுத்த நாளே பாருங்கள். 8 முதல் 12 மணி நேரம் கழித்தும் பேன்கள் முன்போலச் சுறுசுறுப்பாக ஓடினால் அதே மருந்தை மறுபடி போடுவதில் பயனில்லை, வேறு வகைக்கு மாறுங்கள். மெதுவாகத் தள்ளாடினால் காத்திருந்து சீவி எடுங்கள். டைமெதிகோன் என்ற சிலிக்கான் எண்ணெய் பேனை மூடி அடைத்துக் கொல்லும். அதற்குப் பேன் பழகுவது கடினம் என்பதால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அது தீப்பிடிக்கும். மாலதியான் கரைசல்களிலும் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. மருந்து பூசிய தலையோடு அடுப்படிப் பக்கமோ, விளக்கேற்றவோ போகக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை காட்டுவதும் அன்று வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், தீப்பிடிக்கும். சீதாப்பழ விதை அரைத்துப் பூசுவது நம் பாட்டிகளின் பழக்கம். விழுது கண்ணில் வழிந்து கருவிழி புண்ணான பிள்ளைகளை இந்தியக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். கொசு மருந்தைத் தலையில் அடிப்பது அதைவிட மோசம்.

வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். பேன் குதிக்காது, பறக்காது. தலையைவிட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் பட்டினியால் சாகும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் பள்ளிகளில் 118 வகுப்பறைகளைத் தேடினார்கள். பிள்ளைகளின் தலைகளில் 14,033 பேன் எண்ணப்பட்டது, தரைக் கம்பளத்தில் ஒன்றுகூட இல்லை. எனவே மெத்தைக்கு மருந்து அடிக்காதீர்கள். முந்திய இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, பாய்விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சீப்புகளைக் கொதிக்க வைத்த நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மற்ற நேரத்தை, தலையோடு தலை ஒட்டும் இடங்களைக் கண்டுபிடிப்பதில் செலவிடுங்கள். ஒரே தலையணை, ஒரே கைப்பேசியைச் சுற்றி நான்கு தலைகள், துணைப்பாட வகுப்பில் ஒரே மேசை. பள்ளி நாள்களில் இறுக்கிப் பின்னிய ஜடை ஓரளவு உதவும்.

முடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈரைப் பார்த்துப் பயந்து திரும்ப வருகிறவர்களும் உண்டு. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருப்பது வெறும் ஓடு, அது பொரிக்காது. தோலை ஒட்டி, பழுப்பு நிறத்தில் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த அம்மா இப்போது சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் கண்டிஷனர் போட்டு ஒரு முறை சீவிப் பார்த்துவிடுகிறார்.