சமையல் எரிவாயு கசிந்தால் மின்விளக்கைத் தொடாதீர்கள்: ரெகுலேட்டர், குழாய் பராமரிப்பு முறைகள்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவை மூக்கு உணர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நெடிமிக்க வேதிப்பொருள் அதில் கலக்கப்படுகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மேலெழாமல் தரையை ஒட்டிப் பரவி, மூலைகளிலும் மேடைக்கு அடியிலும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை உருவாகிவிடும்.

இரவில் ரெகுலேட்டரை மூடாமல் உறங்கிய ஒரு வீட்டில், வெடிப்பு விட்ட குழாய் வழியே வாயு கசிந்ததாகக் கொள்வோம். அதிகாலையில் சமையலறைக்குள் நுழைபவரின் கை பழக்கத்தால் மின்விளக்கின் சுவிட்சை நாடும். ஆபத்து அங்குதான் உள்ளது. சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே எழும் சிறு தீப்பொறியே போதுமானது. எனவே எரியும் விளக்கை எரியவிட வேண்டும். அணைந்திருப்பதை அப்படியே விட வேண்டும். புகைபோக்கி விசிறிக்கும் இது பொருந்தும்.

வேறு எங்கேனும் சுடர் இருந்தால், சாமி விளக்கு உட்பட, அதை அணைத்துவிட்டு ரெகுலேட்டரை மூட வேண்டும். பின்னர் கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகே தொலைபேசியை எடுத்து, 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கலாம். ரெகுலேட்டரைக் கழற்றிய பின்னும் சீறல் ஒலி நிற்காவிட்டால் உருளையின் வால்வு பழுதடைந்துள்ளது என்று பொருள். உருளையில் கயிற்றால் கட்டப்பட்டுள்ள பாதுகாப்பு மூடியை வால்வின் மீது அழுத்திப் பொருத்தினால் கசிவு நிற்கும். அந்த மூடியைப் பலர் கழற்றி எறிந்துவிடுவது வருந்தத்தக்கது.

கசிவு எங்கே என்பதை அறியச் சோப்பு நீரே போதும். தீக்குச்சியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நெடி முற்றிலும் அகன்ற பின், அடுப்பின் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவ வேண்டும். குழாயின் முனைகளில் குமிழி எழுந்தால் குழாயையும், வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் எழுந்தால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் சந்தேகிக்கலாம். புதிய உருளையைப் பெறும்போதே அந்த வளையம் இருக்கிறதா என்று விநியோகிப்பவரிடம் காட்டச் சொல்வது நல்லது. குமிழி தென்பட்டால் ரெகுலேட்டரை உடனே மூடிவிட்டு விநியோகஸ்தருக்குத் தெரிவிக்க வேண்டும். ரெகுலேட்டரை வீட்டில் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது.

குழாயைப் பொறுத்தவரை, உள்ளே எஃகுக் கம்பி வலுவூட்டப்பட்ட, இந்தியத் தர நிர்ணய முத்திரை கொண்ட 'சுரக்ஷா' வகையே பரிந்துரைக்கப்படுகிறது. அதன் பயன்பாட்டுக் காலம் 5 ஆண்டுகள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, முனைகளைச் சற்று வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். அழுக்குப் படியாதிருக்கத் துணியோ உறையோ சுற்றினால் அந்த வெடிப்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும்.