கல்யாணப் பூ: எவ்வளவு, எப்போது?

காலை 6 மணிக்கு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். பூவுக்கு எப்படிச் சொல்லி வைப்பது?

முதலில் மல்லிகை. தாம்பூலத் தட்டோடு பூ கொடுக்க 150 பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் என்றால் 150 முழம். பெண்ணின் சடைக்கும் சாமி படங்களுக்கும் சேர்த்து இன்னும் 20 முழம் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் விலை ஏறும். அதனால் சில நாள் முன்பே அளவைச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது.

மல்லிகை மொட்டு அந்தியில்தான் மலரத் தொடங்கும். முதல் நாள் சாயங்காலம் வாங்கும் சரம் இறுக்கமான வெள்ளை மொட்டாக இருக்க வேண்டும். காம்பு பச்சையாக இருந்தால் புதுப்பூ. நுனி பழுத்திருந்தால் வேண்டாம்.

இரவில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே வேர்த்து, விடிவதற்குள் பூ கறுத்துவிடும். வாழையிலையில் தளர்வாகச் சுற்றி, பிழிந்த ஈரத்துணியால் மூடி, மூங்கில் கூடையில் வையுங்கள். மின்விசிறிக் காற்று படக்கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தால் கீழ்த்தட்டில் மட்டும். உறைந்த பூ வெளியே எடுத்ததும் துவண்டுவிடும்.

மணமாலைகளை மட்டும் முதல் நாளே வாங்க வேண்டாம். ரோஜா இதழ் உதிரும். விடியற்காலை நாலரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, வாங்கி வைக்கும் ஒருவரின் கைபேசி எண்ணையும் பூக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.