மாணவர் இலக்கம் இல்லாத பணம் திரும்பி வரும்

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் என் நானா, மகனின் கல்விக் கட்டணமாக 5,000 பவுணை பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வங்கி மூலம் அனுப்பினார். மூன்று வாரத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. கணக்கிலக்கத்தில் பிழையில்லை. படிவத்தில் அவர் எழுதிக் கொடுத்த மாணவர் இலக்கத்தை வங்கி அலுவலர் கணினியில் பதியவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் ஒரே கணக்கில் எத்தனையோ பெற்றோரின் பணம் விழுகிறது. அனுப்பியவராகத் தெரிவது தந்தையின் பெயர். அங்கே பதிவில் இருப்பதோ மகனின் பெயர். இரண்டையும் இணைப்பது மாணவர் இலக்கமே. அது இல்லாவிட்டால், யாருடைய பணம் என்று தெரியாமல் திருப்பி விடுகிறார்கள்.

இதில் நட்டம் இரண்டு வழியில் வருகிறது. இடையிலுள்ள வங்கிகள் தத்தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்கின்றன. அத்துடன், விற்கும் விலையில் வாங்கிய பவுணை வங்கி வாங்கும் விலைக்கே திருப்பி எடுக்கிறது. பவுணுக்கு 10 ரூபா வித்தியாசம் என்றாலும் 5,000 பவுணுக்கு 50,000 ரூபா போய்விடும்.

சுவிஃப்ட் செய்தியில் கொடுப்பனவு விபரத்துக்கென 140 எழுத்துகள் அளவுக்கு இடம் உண்டு. "கல்விக் கட்டணம்" என்று மட்டும் போட்டால் பயனில்லை. முதலில் மாணவர் இலக்கம், அடுத்து மாணவரின் பெயர் என்று போடச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பிய அன்றே அந்தச் செய்தியின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இலக்கம் விடுபட்டிருந்தால், திருத்தச் செய்தி அனுப்பும்படி வங்கிக்கு உடனே எழுத்தில் கொடுங்கள். அதே பிரதியை மாணவர் இலக்கத்துடன் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பணம் அங்கிருந்து புறப்படுமுன் இது போய்ச் சேர்ந்தால், பெரும்பாலும் மாணவரின் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள்.