ஒரு கார்டு, பல பயனாளர்கள்: மொழி மாதிரிக்குப் பின்னால் இருக்கும் நினைவகக் கணக்கு

மொழி மாதிரி தன் பதிலை ஒரேயடியாக எழுதி முடிப்பதில்லை. டோக்கன் எனப்படும் சொல் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்குகிறது. ஒவ்வொரு டோக்கனுக்காகவும் மாதிரியின் அளவுருக்கள் அனைத்தையும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்திலிருந்து ஒருமுறை முழுதாகப் படித்தாக வேண்டும். ஒரே கார்டை வைத்துப் பலருக்குச் சேவை தருவதற்கான உத்திகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட லாமா 3.1 வரிசையில் 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி ஒன்று உண்டு. அளவுருவுக்கு 2 பைட் வீதம் அதற்கு 16 ஜிபி இடம் வேண்டும். என்விடியாவின் ஏ10 கார்டில் 24 ஜிபி நினைவகம் இருக்கிறது. அதிலிருந்து நொடிக்கு 600 ஜிபி வரை படிக்கலாம். 16 ஜிபியை ஒருமுறை படிக்க ஏறத்தாழ 27 மில்லிநொடி ஆகும். ஆகவே ஒருவர் மட்டும் பயன்படுத்தினால், கணக்குப்படி நொடிக்கு 37 டோக்கன்தான் அதிகபட்சம். அந்த 27 மில்லிநொடியில் பெரும்பகுதி, கார்டின் கணக்கீட்டு அலகுகள் தரவு வந்து சேரக் காத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன.

இந்த வீணைத் தடுப்பதுதான் பேட்ச் முறை. அளவுருக்களை ஒருமுறை படிக்கும்போதே 16 பேருடைய கோரிக்கைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 16 பேருக்கும் ஆளுக்கொரு டோக்கன் கிடைத்துவிடுகிறது. படிக்கும் செலவு ஒன்றே. பலன் 16 மடங்கு.

முதலில் வந்த பேட்ச் முறையில் ஒரு குறை இருந்தது. ஒருவருக்கு 20 டோக்கனில் பதில் முடிந்துவிடும்; இன்னொருவருக்கு 900 டோக்கன் ஆகும். மொத்தக் குழுவும் முடியும்வரை புதியவர்களைச் சேர்க்க முடியாது. முடிந்தவரின் இடம் காலியாகவே கிடக்கும். 2022இல் ஓர்கா என்ற ஆய்வு இதற்கு வழி காட்டியது. ஒவ்வொரு டோக்கன் சுற்றின் முடிவிலும் குழுவைத் திருத்தியமைப்பதே அந்த வழி. டவுன் பஸ்ஸில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சிலர் இறங்கச் சிலர் ஏறுவதைப்போல, பதில் முடிந்த கோரிக்கை வெளியேறும். வரிசையில் நிற்பது அந்தச் சுற்றிலேயே உள்ளே வரும். இன்றைய சேவை மென்பொருள்களில் இதுவே வழக்கமான முறை.

அப்படியானால் 16 பேருக்குப் பதில் 500 பேரைச் சேர்த்தால் என்ன? அங்கேதான் நினைவகம் குறுக்கே நிற்கிறது.

அடுத்த டோக்கனைத் தீர்மானிக்க, மாதிரி அதுவரை வந்த எல்லா டோக்கன்களையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவற்றைத் தொடக்கத்திலிருந்து கணக்கிடுவது கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு டோக்கனுக்கும் கணக்கிட்ட இடைநிலை மதிப்புகளைக் கார்டிலேயே சேமித்து வைக்கிறார்கள். இதற்குக் கேவி கேச் என்று பெயர். மேற்சொன்ன லாமா மாதிரியில் 32 அடுக்குகளுக்கும் சேர்த்து ஒரு டோக்கனுக்கு 128 கேபி தேவைப்படுகிறது. 2,000 டோக்கன் கொண்ட ஓர் உரையாடலுக்கு இது 250 எம்பி ஆகும்.

24 ஜிபியில் பத்து சதவீதத்தைப் பாதுகாப்புக்காக ஒதுக்கினால் 21.6 ஜிபி மிஞ்சும். அதில் மாதிரிக்கு 16 ஜிபி, தற்காலிகக் கணக்கீடுகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி போக, கேச்சுக்குக் கிடைப்பது 4 ஜிபி. அதில் ஏறத்தாழ 32,000 டோக்கன்கள் அடங்கும். ஆளுக்கு 2,000 டோக்கன் என்றால் 16 பேர். ஆளுக்கு 8,000 என்றால் 4 பேர். எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் பதில் தர முடியும் என்பதை இங்கே முடிவு செய்வது, கணக்கீட்டு வேகத்தைவிடவும் இந்த 4 ஜிபிதான். தமிழ் உரை ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்களாக உடைவதால், தமிழ்ப் பயனாளர்களுக்கு இந்த இடம் இன்னும் விரைவில் நிரம்பும்.

இடம் குறைவு என்பதோடு, இருந்த இடமும் நீண்ட காலம் வீணாகிக்கொண்டிருந்தது. பதில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே தெரியாததால், பழைய மென்பொருள்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதிகபட்ச நீளத்துக்கான இடத்தைத் தொடர்ச்சியாக ஒதுக்கி வைத்தன. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள், அத்தகைய மென்பொருள்களில் கேச் இடத்தின் 20 முதல் 38 சதவீதமே உண்மையில் பயன்பட்டதாகக் கண்டறிந்தனர். கணினியின் இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் பழைய உத்தியை அவர்கள் இங்கே கொண்டுவந்தனர். கேச்சை 16 டோக்கன் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, பதில் வளர வளர ஒவ்வொரு கட்டமாகக் கொடுத்தனர். கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை ஓர் அட்டவணை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கோரிக்கையில் வீணாவது கடைசிக் கட்டத்தின் மிச்சம் மட்டுமே. இந்த ஆய்விலிருந்து பிறந்ததே விஎல்எல்எம் என்ற திறமூல மென்பொருள்.

கட்டங்களாகப் பிரித்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் உதவிச் சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் 1,000 டோக்கன் அளவுள்ள அதே அறிவுறுத்தல் இருக்கிறது என்று கொள்வோம். 16 பேருக்கும் தனித்தனியே வைத்தால் 16,000 டோக்கன், அதாவது மொத்த இடத்தில் பாதி போய்விடும். பொதுவான கட்டங்களை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் 1,000 டோக்கனே போதும். அவற்றை மறுபடி கணக்கிடும் நேரமும் மிச்சம். ஆனால் முதல் டோக்கனிலிருந்தே உரை அச்சு மாறாமல் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு டோக்கனின் மதிப்பும் அதற்கு முந்தைய எல்லாவற்றையும் சார்ந்தது. அறிவுறுத்தலின் முதல் வரியில் பயனாளரின் பெயரையோ நேரத்தையோ எழுதிவிட்டால், அதற்குப் பின் வரும் எதையும் பகிர முடியாது. மாறாத பகுதி மேலே, மாறும் பகுதி கீழே என்பதே விதி.

இந்தக் கணக்குகளைச் சேவை தொடங்கும் கட்டளையில் வரம்புகளாகக் கொடுக்கிறார்கள்:

```
vllm serve meta-llama/Llama-3.1-8B-Instruct \
  --gpu-memory-utilization 0.90 \
  --max-model-len 8192 \
  --max-num-seqs 16
```

முதல் வரம்பு, நினைவகத்தில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தலாம் என்பது. இரண்டாவது, ஓர் உரையாடலின் அதிகபட்ச நீளம். மூன்றாவது, ஒரே நேரத்தில் இயங்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை. இரண்டாவதைக் கொடுக்காமல் விட்டால், மாதிரி தாங்கக்கூடிய 1,31,072 டோக்கனையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கேச் மட்டுமே 16 ஜிபி வேண்டும் என்பதால், இந்தக் கார்டில் சேவை தொடங்காமல் பிழைச் செய்தி வரும்.

சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது நெருக்கடி இரண்டு விதமாக வெளிப்படும். பயனாளர் கேள்வியை அனுப்பியபின் முதல் சொல் வரவே தாமதமானால், வரிசை நீண்டிருக்கிறது என்று கொள்ளலாம். `vllm:num_requests_waiting` என்ற எண் உயர்ந்திருக்கும். சொற்கள் வந்துகொண்டிருக்கும்போதே நின்று, சில நொடி கழித்துத் தொடர்ந்தால், கேச் நிரம்பிவிட்டது என்று சந்தேகிக்கலாம். பலருடைய உரையாடல்கள் எதிர்பார்த்ததைவிட நீளும்போது, மென்பொருள் பின்னால் வந்த ஒரு கோரிக்கையை நிறுத்தி, அதன் கட்டங்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு இடம் கிடைத்ததும் அந்தக் கேச்சை மறுபடி கணக்கிட்டுத் தொடர்கிறது. `vllm:num_preemptions_total` ஏறிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது. அப்போது ஒரே நேரத்தில் இயங்கும் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. கூடுதல் ஆட்களை உள்ளே விட்டால், செய்த வேலையையே மறுபடி செய்வதில் நேரம் கரையும்.

இடத்தைப் பெருக்கவும் வழி உண்டு. அளவுருக்களை 2 பைட்டுக்குப் பதில் 1 பைட்டில் வைத்தால் மாதிரி ஏறத்தாழ 9 ஜிபிக்குச் சுருங்கும். கேச்சுக்கு 4 ஜிபிக்குப் பதில் 11 ஜிபி கிடைக்கும். பதில்களின் தரம் சற்றுக் குறையக்கூடும் என்பதால், சொந்தக் கேள்விகளை வைத்துச் சோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கேச் பெருகினாலும் வேகம் இலவசமாக வருவதில்லை. முதல் கணக்கில் 4 ஜிபி கேச்சும் நிரம்பியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 16க்குப் பதில் 20 ஜிபி படிக்க வேண்டும். சுற்று 33 மில்லிநொடியாக நீளும். ஒருவருக்கு நொடிக்கு 37 டோக்கன் என்பது 30 ஆகக் குறையும். ஆனால் 16 பேருக்கும் சேர்த்து 480 டோக்கன் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வேகம் போதும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குள் எத்தனை பேரை ஏற்றலாம் என்று இந்தக் கணக்கைப் போடுவதே சரியான வரிசை.