கறுப்பு முக்கோணத்துக்கு எதைக் கொடுப்பது?

மெரினாவில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலங்கரை விளக்கம் இடது ஓரத்தில் வரும்படி ஏழெட்டுப் படங்களை ஒட்டிப் பனோரமா செய்ததாக வைத்துக்கொள்வோம். உயரமான விளக்கத்துக்காகக் கை கேமராவைச் சற்றுத் தூக்கியிருக்கும். அந்தப் படங்கள் மேலே ஏறி அமர, அவற்றின் கீழே இடது மூலையில் கறுப்பு முக்கோணம் விழும்.

படம் 12,000 பிக்சல் அகலம், 3,000 உயரம். முக்கோணம் ஓரத்தில் 500 உயரத்தில் தொடங்கி, 2,400 பிக்சல் தள்ளி முடிகிறது. உயரத்தைக் குறைத்தால் 12,000 × 2,500 மிஞ்சும். அகலத்தைக் குறைத்தால் 9,600 × 3,000. முதலாவது 3 கோடி பிக்சல், இரண்டாவது 2.88 கோடி.

பெரிய வித்தியாசமில்லை! ஆகவே கணக்கு இங்கே முடிவு சொல்லாது. ஓரத்தில் இருப்பதுதான் சொல்லும். அகலத்தை வெட்டினால் விளக்கமே போய்விடும். உயரத்தை வெட்டினால் போவது வெறும் மணல். அதே மணலில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால்? பாதி அகலம், பாதி உயரம் என்று 10,800 × 2,750 எடுக்கலாம். ஆனால் விளக்கம் இடதுபுற 1,200 பிக்சலுக்குள் இருந்தால் அதுவும் உதவாது.

முக்கோணத்தின் சாய்வுக்கோடு பெரும்பாலும் நேராக இராது, படிக்கட்டாக இருக்கும். வெட்டியபின் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். கறுப்புக் கீற்று ஒட்டியிருந்தால் இன்னும் பத்துப் பிக்சல் நறுக்குங்கள்.