ஒரு மணிக்கு ஒரு நிமிடம் தொலைந்த கதை

சுவரில் மாட்ட ஒரு கடிகாரம் செய்தேன். முள் கிடையாது. வட்டமாக ஒட்டிய 60 பிக்சல் எல்இடிகளில் விநாடிக்கு ஒரு விளக்காக நீலப் புள்ளி நகரும். உள்ளே இருந்தது ஆர்டுயினோ உனோ போர்டு. மாலை ஆறு மணிக்குக் கைபேசியைப் பார்த்து நேரம் வைத்தேன். ஏழு மணிக்குப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. போர்டின் ஆஸிலேட்டர் சற்றுப் பிசகினாலும் இவ்வளவு பிசகாது. நேரத்தைத் தின்றது விளக்குப் பட்டைதான்.

இந்த WS2812B பட்டையில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகளைத் தவிர, தகவலுக்கு ஒரே ஒரு கம்பிதான் உண்டு. பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் நிறத்துக்கு 8 பிட், ஆக ஒரு விளக்குக்கு 24 பிட். முதல் விளக்கு தனக்கு வந்த 24 பிட்டை வைத்துக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் அடுத்த விளக்குக்கு அனுப்பிவிடும். கம்பி கொஞ்ச நேரம் அமைதியானால், எல்லா விளக்குகளும் வாங்கிய நிறத்தைக் காட்டும். பழைய சிப்களுக்கு இந்த அமைதி 50 மைக்ரோ விநாடி போதும். புதியவற்றுக்கு 280 வேண்டும்.

ஒரு பிட்டின் நீளம் 1.25 மைக்ரோ விநாடி. பூஜ்யமானாலும் ஒன்றானாலும் கம்பி முதலில் மேலே ஏறி, பிறகு இறங்கும். மேலே எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் வித்தியாசம்: 0.4 மைக்ரோ விநாடி நின்றால் பூஜ்யம், 0.8 நின்றால் ஒன்று. 0.15 வரை முன்பின் இருக்கலாம். ஆர்டுயினோவில் வழக்கமாகப் பயன்படுத்தும் `digitalWrite` ஒரு முறை ஓடவே சில மைக்ரோ விநாடி எடுக்கும். அதை வைத்து அனுப்பினால் எல்லாப் பூஜ்யமும் ஒன்றாகிவிடும். பட்டை முழுக்கக் கண்கூசும் வெள்ளையாக எரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் அசெம்பிளியில் இறங்கி எண்ண வேண்டியிருக்கிறது. உனோவின் சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு துடிப்பு 62.5 நானோ விநாடி. ஒரு பிட்டுக்குச் சரியாக 20 துடிப்பு கிடைக்கும். பூஜ்யத்துக்கு 6 துடிப்பு மேலே, 14 கீழே. ஒன்றுக்கு 13 மேலே, 7 கீழே. அடுத்த பிட்டை எடுப்பது, பைட் தீர்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் இந்த 20-க்குள் முடிய வேண்டும். பூஜ்யத்தின் வழியும் ஒன்றின் வழியும் கடைசியில் ஒரே எண்ணிக்கையில் வந்து சேர, இடையில் சும்மா நிற்கும் `nop` கட்டளைகளைச் செருகுவார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும், சிப் இந்த வேலையை இடையில் விட்டுவிட்டு வேறொன்றைக் கவனிக்கப் போனால் கெட்டுவிடும். உனோவில் `millis()` கணக்குக்காக 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை இன்டரப்ட் வந்து சில மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்கிறது. கம்பி கீழே இருக்கும்போது வந்தால் பெரும்பாலும் சேதமில்லை, விளக்கு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்காக மேலே இருக்கும்போது வந்தால் அந்தப் பூஜ்யம் ஒன்றாகிவிடும். எங்கோ ஒரு விளக்கு வேறு நிறத்தில் ஒரு கணம் மின்னும். இதற்குப் பயந்துதான் உனோவுக்கான நூலகங்கள் அனுப்பி முடியும்வரை `cli()` போட்டு இன்டரப்டை அடைத்துவிடுகின்றன.

என் கடிகாரம் பின்தங்கியது அதனால்தான். 60 விளக்குக்கு 1,440 பிட், அதாவது 1.8 மில்லி விநாடி. அதற்குள் டைமர் ஒருமுறையோ இருமுறையோ கதவைத் தட்டும். அடைத்திருக்கும்போது வந்த தட்டலில் ஒன்றை மட்டுமே சிப் நினைவில் வைக்கும். இரண்டாவது தொலைந்தது தொலைந்ததுதான். அனுப்புவது எந்தக் கணத்திலும் தொடங்கலாம் என்று வைத்தால், நான்கில் மூன்று முறை ஒரு தட்டல் போகும். விநாடிக்கு 30 முறை படம் மாற்றினால் விநாடிக்கு 23 மில்லி விநாடி இழப்பு. ஒரு மணி நேரத்துக்கு 84 விநாடி.

நேரத்துக்குத் தனி சிப் வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் அடைப்பின்போது ரிமோட் பொத்தானும் சீரியல் தகவலும் தவறும் தொல்லை அப்படியே இருக்கும். நான் STM32F103 போர்டுக்கு மாறி, எண்ணும் வேலையை டைமரிடம் கொடுத்தேன். 72 மெகாஹெர்ட்ஸில் 90 துடிப்புக்கு ஒரு பிட். பிட்டுக்கு ஓர் எண்ணாக முன்கூட்டியே நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும்:

```c
for (int i = 23; i >= 0; i--)
  *p++ = (grb & (1UL << i)) ? 58 : 29;
```

கடைசியில் 240 பூஜ்யங்கள் சேர்த்தால் 300 மைக்ரோ விநாடி அமைதி கிடைத்துவிடும். பிறகு டிஎம்ஏ என்ற பகுதி பிட்டுக்கு ஒன்றாக அந்த எண்களை டைமருக்கு ஊட்டும். இன்டரப்ட் வந்தாலும் அலை கோணாது. விலை நினைவகம்: எண்ணுக்கு 2 பைட் என்றால் 60 விளக்குக்கு, அமைதியும் சேர்த்து, 3,360 பைட். 300 விளக்குக்கு 14,880 ஆகும். சிப்பில் இருப்பதே 20 கிலோபைட். அப்போது சிறு நினைவகத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி போய்க்கொண்டிருக்கையில் மறு பாதியை நிரப்புவார்கள்.

மாறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த போர்டு தருவது 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் எரியும் பட்டை 3.5-க்கு மேல் எதிர்பார்க்கிறது. நேரம் சரியாக இருந்தும் முதல் விளக்கிலிருந்தே நிறம் தாறுமாறாக வந்தால், இடையில் 74AHCT125 போன்ற ஒரு சிப் வைத்து 5 வோல்ட்டுக்கு ஏற்றிப் பாருங்கள்.